சுருக்கிய இணைப்பைத் திறக்கும் முன் அது எங்கே போகிறது என்று பாருங்கள்

"உங்கள் பொதி தபால் நிலையத்தில் தேங்கியுள்ளது. முகவரி சரியில்லை. சிறு கட்டணம் செலுத்தி இன்றே பெற்றுக்கொள்ளவும்." இப்படியொரு குறுந்தகவலும் அதன் கீழே ஒரு குட்டி இணைப்பும் உங்கள் கைத்தொலைபேசிக்கும் வந்திருக்கலாம். இலங்கை தபால் திணைக்களத்தின் பெயரில் இவ்வாறான போலித் தகவல்கள் பரவியதால் திணைக்களமே பொதுமக்களை எச்சரித்தது. கட்டைபறிச்சானில் பிள்ளையோ சகோதரமோ வெளிநாட்டில் இருக்கும் வீடுகள் பல. பொதியை எதிர்பார்த்திருப்பவருக்கு இந்தத் தகவல் உண்மைபோலவே தோன்றும். கேட்பது சிறு தொகைதான். ஆனால் அதைச் செலுத்தவென்று வங்கி அட்டை இலக்கத்தையும் ஓடிபி இலக்கத்தையும் கொடுத்தால், கணக்கில் உள்ள பணம் முழுவதும் போய்விடலாம்.

குட்டி இணைப்பு என்பது என்ன?

bit.ly, tinyurl.com, is.gd போன்ற சேவைகள் நீளமான முகவரிக்குப் பதிலாக ஒரு குறுகிய முகவரியைத் தருகின்றன. எந்தக் குறுகிய முகவரி எந்த நீண்ட முகவரிக்குரியது என்று அவற்றிடம் ஒரு பதிவேடு இருக்கிறது. நீங்கள் இணைப்பைத் தொட்டதும் அந்தச் சேவை பதிவேட்டைப் பார்த்து உங்களை அங்கே அனுப்பிவிடும். எங்கே போகிறோம் என்பது போய்ச் சேர்ந்த பிறகுதான் தெரியும். ஆனால் போகாமலே பதிவேட்டை மட்டும் பார்க்கவும் வழி உண்டு.

பார்க்கும் முறை

1. இணைப்பைத் தொடாதீர்கள். குறுந்தகவலின் எழுத்துள்ள பகுதியை அழுத்திப் பிடித்து நகலெடுங்கள். கையால் பார்த்து எழுத வேண்டாம். ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் மாறினால் வேறு முகவரியாகிவிடலாம்.

2. குரோம் போன்ற உலாவியின் முகவரிப் பட்டியில் ஒட்டுங்கள். இணைப்பைத் தவிர மற்றச் சொற்களை அழித்துவிடுங்கள். இன்னும் "செல்" பொத்தானை அழுத்த வேண்டாம்.

3. முகவரியை இப்படி மாற்றுங்கள். xxxxxx என்ற இடத்தில் உங்களுக்கு வந்த எழுத்துகள் இருக்கும்.

```
bit.ly/xxxxxx+
preview.tinyurl.com/xxxxxx
is.gd/xxxxxx-
```

முதலாவதில் கடைசியில் கூட்டல் குறி. இரண்டாவதில் முன்னால் preview என்ற சொல்லும் புள்ளியும். மூன்றாவதில் கடைசியில் சிறு கோடு. இப்போது "செல்" என்பதை அழுத்தினால், சேருமிடத்தின் முழு முகவரியைக் காட்டும் பக்கம் வரும். வேறு சேவையின் இணைப்பென்றால் unshorten.it போன்ற விரித்துக் காட்டும் தளத்தில் ஒட்டிப் பார்க்கலாம்.

வந்த முகவரியை வாசிப்பது

மாதிரிக்கு, விரித்தபோது இப்படி வந்தது என்று வைத்துக்கொள்வோம்:

```
https://slpost.gov.lk.parcel-pay.example/track
```

தபால் திணைக்களத்தின் உண்மையான தளம் slpost.gov.lk. அந்தப் பெயர் இதிலும் இருக்கிறதே என்று ஏமாற வேண்டாம். https:// என்பதற்குப் பின் வரும் முதல் சாய்கோட்டைக் கண்டுபிடியுங்கள். அதற்கு இடப்பக்கம் ஒட்டியிருப்பதே தளத்தின் சொந்தப் பெயர். இங்கே அது parcel-pay.example, முன்னால் இருப்பவை வெறும் அலங்காரம். தபால் திணைக்களத்தின் தளமென்றால் அந்தச் சாய்கோட்டுக்கு முன் slpost.gov.lk என்று முடிய வேண்டும். இது அப்படி முடியவில்லை. தகவலை அழித்துவிடலாம்.

இதில் கவனிக்க வேண்டியவை

விரித்ததும் இன்னொரு குட்டி இணைப்பே வந்தால் அதையும் அதே முறையில் விரியுங்கள். அடுக்கடுக்காக மறைப்பதே சந்தேகத்துக்குரியது.

வட்ஸ்அப்பில் இணைப்போடு வரும் படத்தையும் தலைப்பையும் சான்றாகக் கொள்ளாதீர்கள். மோசடிக்காரர் தமது பக்கத்தில் எந்தப் படத்தையும் தலைப்பையும் வைக்கலாம். அவையே அந்த அட்டையில் தெரியும்.

ஐபோனில் இணைப்பையே அழுத்திப் பிடித்தால் அந்தப் பக்கம் சிறு சாளரத்தில் திறந்துவிடக்கூடும். அது முன்பார்வை போலத் தெரிந்தாலும் உண்மையில் அங்கே போய்விட்டதற்குச் சமம்.

இந்த முறை இடத்தைக் காட்டுமே தவிர, அந்த இடம் நல்லதா என்று சொல்லாது. பெயர் உங்களுக்குத் தெரியாததென்றால் திறக்க வேண்டாம். பொதி பற்றிய சந்தேகத்தை உங்கள் தபால் நிலையத்தில் நேரே கேளுங்கள். நிவாரணம், கொடுப்பனவு என்று வந்தால் கிராம உத்தியோகத்தரிடமோ மூதூர் பிரதேச செயலகத்திலோ கேளுங்கள்.

ஏற்கெனவே திறந்துவிட்டால்

பக்கத்தை மூடுங்கள், கேட்கும் எதையும் தரவிறக்க வேண்டாம். அட்டை விபரம் கொடுத்திருந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல், அட்டையின் பின்புறத்தில் உள்ள வங்கி இலக்கத்துக்கு அழைத்து அட்டையை நிறுத்தச் சொல்லுங்கள். குறுந்தகவலில் தரப்பட்ட இலக்கத்துக்கு அழைக்காதீர்கள். பின்னர் 101 என்ற இலக்கத்தில் இலங்கை சேர்ட் நிறுவனத்துக்கு முறையிடலாம். அதற்கு அந்தக் குறுந்தகவல் தேவைப்படும். அதை அழிக்காமல் வைத்திருங்கள்.