கன்சோல் ஃபேன் ஏன் இவ்வளவு கத்துகிறது?

கேள்வி: 2016-இல் வாங்கிய பிளேஸ்டேஷன் 4 வைத்திருக்கிறேன். முதல் தலைமுறை மாடல். மெனுவில் இருக்கும்வரை அமைதியாக இருக்கிறது. பெரிய கேம் போட்டுப் பத்து நிமிடத்தில் ஃபேன் சத்தம் டிவி சத்தத்தை மிஞ்சிவிடுகிறது. நேற்று அதிக வெப்பம் என்று எச்சரிக்கை காட்டி அணைந்தேவிட்டது. வெளியிலிருந்து புளோயரால் ஊதியும் பலனில்லை. கடையில் உடனே தெர்மல் பேஸ்ட் மாற்றச் சொல்கிறார்கள். அவசியமா?
— வாசகர், திருநெல்வேலி

பதில்: பேஸ்ட் மாற்றுவதற்கு முன் ஒரு சின்னச் சோதனை. ஃபேன் உச்சத்தில் கத்தும்போது கன்சோலின் பின்பக்கத்தில் கையை வைத்துப் பாருங்கள். காற்று மெலிதாக, ஆனால் சுடச்சுட வந்தால் உள்ளே தூசி அடைத்திருக்கிறது. காற்று பலமாக அடித்தும் அவ்வளவாகச் சுடவில்லை என்றால் சந்தேகம் பேஸ்ட் மேல் போகும். சிப்பின் வெப்பம் ஹீட் சிங்குக்குச் சரியாகக் கடக்காததால் சிப்பின் சூடு ஏறுகிறது, அதைத் தணிக்க ஃபேனும் தேவைக்கு மேல் சுற்றுகிறது.

வெளியிலிருந்து ஊதியது ஏன் உதவவில்லை? இந்த மாடலில் ஃபேன் பக்கவாட்டு இடுக்குகள் வழியாகக் காற்றை இழுத்து, ஹீட் சிங்கின் தகடுகளுக்கிடையே தள்ளி, பவர் சப்ளை வழியாகப் பின்னால் வெளியேற்றுகிறது. தூசி படிவது வெளி இடுக்குகளில் மட்டுமல்ல; ஃபேனைப் பார்த்திருக்கும் தகடுகளின் முகப்பில்தான் கம்பளித் துண்டு போலப் படர்ந்திருக்கும். வெளியே ஊதினால் அது இன்னும் உள்ளே போய் இறுகும்.

எனவே முதலில் திறந்து தூசி எடுங்கள். ரெஸ்ட் மோடில் விடாமல் முழுதாக அணைத்து, பிளக்கைப் பிடுங்கிச் சிறிது நேரம் ஆறவிடுங்கள். பின்பக்க ஸ்க்ரூக்களில் சில, ஸ்டிக்கருக்கு அடியில் இருக்கும். அவற்றுக்கு நடுவில் துளையுள்ள டார்க்ஸ் பிட் வேண்டும். சாதாரண ஸ்க்ரூடிரைவரால் திருகினால் தலை தேய்ந்துவிடும். அடி மூடியை எடுத்து, பவர் சப்ளையின் ஸ்க்ரூக்களையும் அதன் சிறு ஒயரையும் கழற்றி, அதை நேராக மேலே தூக்குங்கள். அதன் உறையை மட்டும் திறக்க வேண்டாம், உள்ளே மின்சாரம் தேங்கியிருக்கலாம். இப்போது ஹீட் சிங்கும் ஃபேனும் தெரியும். படர்ந்த தூசியை டுவீசராலும் மென்மையான பிரஷ்ஷாலும் எடுத்த பிறகே ஊதுங்கள். ஊதும்போது ஃபேன் இறக்கைகளை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். காற்றின் வேகத்தில் கண்டபடி சுழன்றால் பேரிங் கெடும்.

மூடிவிட்டு, அதே கேமை அதே அறையில் ஒரு மணி நேரம் விளையாடுங்கள். சத்தம் குறைந்துவிட்டால் பேஸ்ட்டைத் தொடவே தேவையில்லை. காற்று பலமாக வந்தும் ஃபேன் அடங்கவில்லை என்றால்தான் அடுத்த கட்டம்.

அதற்கு மதர்போர்டையே வெளியே எடுக்க வேண்டும். ரிப்பன் கேபிள்களை இழுக்காமல், அவற்றின் பூட்டைப் பார்த்து விடுவியுங்கள். எக்ஸ் வடிவ கிளாம்ப்பின் ஸ்க்ரூக்களைக் கழற்றினால் போர்டும் ஹீட் சிங்கும் பிரியும். பழைய பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பாக உதிர்ந்தால் உங்கள் சந்தேகம் சரி. 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்த, நூல் உதிராத துணியால் இரு பக்கமும் துடைத்து, உலரவிடுங்கள். மின்சாரம் கடத்தாத பேஸ்ட்டில் துவரம்பருப்பு அளவு எடுத்து, சிப்பின் பளபளக்கும் பரப்பு முழுவதும் மெல்லியதாகப் பரப்புங்கள். இங்கே சிப்புக்கு மேல் உலோக மூடி கிடையாது. ஓரம் விடுபட்டால் அந்த இடம் தனியாகச் சுடும். தடிமனாகப் பூசினால் வெப்பம் கடப்பது மந்தமாகும். மெமரி சிப்கள் மேலுள்ள தெர்மல் பேட் கிழியாவிட்டால் அப்படியே வையுங்கள். கிழிந்தால் அதே தடிமனில்தான் மாற்ற வேண்டும், தடிமன் கூடினால் சிப்புக்கும் ஹீட் சிங்குக்கும் இடையே இடைவெளி விழும். கிளாம்ப் ஸ்க்ரூக்களை மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்கள்.

கேள்வி: தம்பியிடம் பிளேஸ்டேஷன் 5 இருக்கிறது. அதற்கும் இதே முறைதானா?

பதில்: தூசி எடுப்பது அதில் எளிது. பக்கவாட்டு மூடிகள் ஸ்க்ரூ இல்லாமலேயே கழன்றுவரும். உள்ளே தூசி சேர்வதற்கென்றே துளைகள் வைத்திருக்கிறார்கள், வேக்வம் கிளீனரால் உறிஞ்சினால் போதும். பேஸ்ட் வேலையை மட்டும் வீட்டில் முயல வேண்டாம். அதில் பேஸ்ட்டுக்குப் பதிலாகத் திரவ உலோகம் இருக்கிறது. அது மின்சாரம் கடத்தும். ஒரு துளி போர்டில் சிந்தினாலும் ஷார்ட் ஆகிவிடும். அந்த வேலையில் பழகிய டெக்னீஷியனிடம் கொடுங்கள், அவரும் பேஸ்ட் போடுவதாகச் சொன்னால் வேறு கடை பாருங்கள்.