மதுரையில் ஏறியது, திருச்சியிலும் ஏறியது

சந்தை ஆய்வு வேலையில் நான் அதிகம் வாதாடியது ஒரே விஷயத்துக்காகத்தான்: விளம்பரம் போகாத ஓர் ஊரிலும் சர்வே எடுக்க வேண்டும். "விளம்பரமே இல்லாத ஊருக்கு எதற்குச் செலவு?" என்றுதான் வாடிக்கையாளர்கள் முதலில் கேட்பார்கள்.

ஒரு சமையல் எண்ணெய் பிராண்டை எடுத்துக்கொள்வோம். "கலப்படம் இல்லாதது" என்ற எண்ணத்தை வளர்க்க மதுரையில் எஃப்.எம். வானொலி, பேருந்து, சுவர் என்று விளம்பரம் செய்கிறார்கள். திருச்சியில் எதுவும் இல்லை. இரண்டு ஊரிலும் முன்பு 400 பேர், பின்பு வேறு 400 பேர். கேள்வி மாறவே கூடாது. "இது கலப்படமில்லாத எண்ணெய்" என்போர் மதுரையில் 31 சதவீதத்திலிருந்து 42 ஆகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மதுரையை மட்டும் பார்த்தால் 11 புள்ளி வெற்றி. ஆனால் திருச்சியிலும் 30 என்பது 37 ஆகியிருந்தால்? இடையில் தீபாவளி வந்திருக்கலாம், போட்டி பிராண்ட் பற்றிக் கெட்ட செய்தி வந்திருக்கலாம். அந்த 7 புள்ளி விளம்பரத்தால் வந்ததல்ல. அதைக் கழித்தால் மிஞ்சுவது 4.

அந்த 4-ஐயும் உடனே நம்ப முடியாது. நான்கு சர்வேக்களிலும் தற்செயல் பிழை உண்டு. நான்கும் சேரும்போது, சர்வேக்கு 400 பேர் என்ற அளவில், விடை 9 புள்ளி வரை மேலோ கீழோ போகலாம். அந்தப் பிழையை 4 புள்ளிக்குக் குறைக்கவே ஒவ்வொரு சர்வேயிலும் ஏறக்குறைய 2,200 பேர் தேவை. எவ்வளவு சிறிய மாற்றம் நமக்கு முக்கியம் என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு, அதிலிருந்து ஆள் எண்ணிக்கைக்கு வர வேண்டும் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான். பணம் அவ்வளவு இல்லையென்றால், "மாறியதா என்று சொல்ல முடியவில்லை" என்ற விடைக்கும் வாடிக்கையாளரை முன்கூட்டியே தயார்படுத்திவிடுங்கள்.

இரண்டாவது ஊர் வேண்டாம் என்பவர்கள் ஒரு குறுக்குவழி சொல்வார்கள்: விளம்பரம் நினைவிருப்பவர்களையும் இல்லாதவர்களையும் ஒப்பிட்டால் போதாதா? போதாது. அந்த எண்ணெயை ஏற்கெனவே வாங்குபவர்தான் அதன் விளம்பரத்தைக் கவனிக்கிறார். அவருடைய நல்லெண்ணம் விளம்பரத்துக்கு முன்பே இருந்தது. இந்த ஒப்பீட்டில் எந்த விளம்பரமும் ஜெயித்துவிடும்.

கேள்வித்தாளில் வரிசை முக்கியம். எந்த எண்ணெய் பிராண்டுகள் நினைவுக்கு வருகின்றன என்பது முதலில், குணங்கள் பற்றிய கேள்விகள் அடுத்து, "விளம்பரம் பார்த்தீர்களா" என்பது கடைசியில்தான். முன்னால் கேட்டால், விளம்பரத்தை நாமே நினைவூட்டிவிட்டு அதன் பாதிப்பை அளப்பதாகிவிடும்.

விளம்பரம் சொல்லாத ஒரு குணத்தையும் பட்டியலில் சேர்ப்பேன். "விலை குறைவு" என்று வைத்துக்கொள்ளுங்கள். திருச்சியின் ஏற்றத்தைக் கழித்த பிறகும் மதுரையில் கலப்படமின்மையோடு "விலை குறைவு" என்ற எண்ணமும் அதே அளவு ஏறினால், மக்கள் அந்தப் பிராண்டைப் பொதுவாக விரும்பத் தொடங்கியிருக்கிறார்கள். விளம்பரத்தின் செய்தி தனியாகப் பதியவில்லை. கலப்படமின்மை மட்டும் ஏறி "விலை குறைவு" அசையாமல் இருந்தால், அந்த விளம்பரத்தைத் தொடரலாம் என்று நான் எழுதிக் கொடுப்பேன்.