பாட்டிலில் ஏறி இறங்கும் தண்ணீர்

அன்புள்ள கவிதா,

திங்கட்கிழமையிலிருந்து உங்கள் பேட்ச்சுக்கு சர்ஜிக்கல் வார்டு போஸ்டிங் என்று உன் அம்மா போனில் சொன்னாள். அங்கே கட்டிலுக்குக் கீழே பாட்டில் வைத்த நோயாளி ஒருவராவது இருப்பார். ஐ.சி.டி. போட்டவர். அந்தப் பாட்டிலை எப்படிப் பார்ப்பது என்பதை மட்டும் எழுதுகிறேன். உன் தோழிகளுக்கும் படித்துக் காட்டு.

நுரையீரலுக்கும் நெஞ்சுச் சுவருக்கும் நடுவே காற்றோ ரத்தமோ சேர்ந்தால் நுரையீரல் சுருங்கிவிடும். அதை வெளியேற்றத்தான் விலா எலும்புகளுக்கு இடையே டியூப் போடுகிறார்கள். அதன் மறுமுனை பாட்டிலுக்குள் தண்ணீரில் 2 செ.மீ. அளவுக்கு மூழ்கியிருக்க வேண்டும். காற்று குமிழியாக வெளியே வரும். தண்ணீர் மறிப்பதால் திரும்பி உள்ளே போகாது. ஸ்ட்ராவை டம்ளரில் லேசாக முக்கி ஊதினால் சுலபமாகக் குமிழி வரும், அடிவரை விட்டு ஊதினால் கன்னம் வலிக்கும், இல்லையா? பாட்டிலில் ரத்தம் சேரச் சேர டியூப் முனையும் ஆழத்துக்குப் போய்விடும், காற்று வெளியேறத் திணறும். அதனால்தான் பாட்டில் நிரம்பும்வரை காத்திருக்காமல் முன்னதாகவே மாற்றுகிறோம். மூடியிலுள்ள இன்னொரு சிறு குழாய் எப்போதும் திறந்திருக்க வேண்டும். வந்த காற்று அந்த வழியாகத்தான் வெளியே போகும். அதை யாராவது பிளாஸ்டர் போட்டு அடைத்திருக்கிறார்களா என்று பார்.

பாட்டில் எப்போதும் நோயாளியின் நெஞ்சுக்குக் கீழேதான் இருக்க வேண்டும். பார்க்க வந்த உறவினர் தரையைக் கூட்டுவதற்காக அதைத் தூக்கிக் கட்டில்மேல் வைத்தால், பாட்டிலில் இருப்பது நெஞ்சுக்குள் திரும்பிவிடும். நோயாளியிடமும் கூட இருப்பவரிடமும் முதல் நாளே இதைச் சொல்லிவிடு.

இனி முக்கியமானது. மூச்சை இழுக்கும்போது டியூபுக்குள் தண்ணீர் மேலே ஏறும், விடும்போது இறங்கும். வென்டிலேட்டரில் இருப்பவருக்கு இது தலைகீழாக நடக்கும். இந்த ஏற்ற இறக்கம் இருந்தால் வழி திறந்திருக்கிறது என்று பொருள். அது நின்றுபோனால் இரண்டு காரணங்கள் இருக்கலாம்: நுரையீரல் முழுக்க விரிந்துவிட்டது, அல்லது டியூப் அடைபட்டுவிட்டது. ஒன்று நல்ல செய்தி, மற்றது ஆபத்து. பாட்டிலைப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். சக்ஷன் மாட்டியிருந்தாலும் அசைவு தெரியாது.

நாங்கள் வார்டில் பார்த்த ஒரு கேஸைச் சொல்கிறேன். பைக்கிலிருந்து விழுந்து இடப்பக்க விலா எலும்புகள் உடைந்த இளைஞர். காற்றும் ரத்தமும் சேர்ந்திருந்ததால் மாலையில் டியூப் போட்டார்கள். இரவெல்லாம் தண்ணீர் நன்றாக ஏறி இறங்கியது, இருமினால் குமிழி வந்தது. காலையில் அசைவே இல்லை. பக்கத்தில் நின்ற மாணவி, நுரையீரல் விரிந்துவிட்டது போலிருக்கிறது என்று மகிழ்ச்சியோடு சொன்னாள். ஆனால் அவருடைய மூச்சு நிமிடத்துக்கு 20-லிருந்து 32 ஆகியிருந்தது. விரலில் மாட்டிய ஆக்சிமீட்டர் 97-லிருந்து 91-க்கு இறங்கியிருந்தது. நுரையீரல் விரிந்தவர் இப்படி மூச்சு வாங்குவாரா?

டியூபை நெஞ்சிலிருந்து பாட்டில்வரை கையால் தடவிக்கொண்டே போனோம். கட்டு சரியாக இருந்தது. தொடைக்கு அடியில் சிக்கி மடங்கவும் இல்லை. ஆனால் கட்டில் ஓரத்தில் டியூப் நீளமாகத் தொங்கி, வளைந்து, அந்த வளைவு முழுக்க ரத்தம் தேங்கி நின்றது. தேங்கிய ரத்தத்தைத் தள்ளிக்கொண்டு காற்று வர முடியவில்லை. வளைவை மெதுவாகத் தூக்கிவிட்டதும் ரத்தம் பாட்டிலில் கொட்டியது. இருமச் சொன்னோம், குமிழிகள் வந்தன, தண்ணீர் மறுபடி ஏறி இறங்கியது. சிறிது நேரத்தில் மூச்சு நிதானமானது. பிறகு மிச்ச நீளத்தை மெத்தைமேல் சுருட்டி வைத்து, அங்கிருந்து நேராகப் பாட்டிலுக்கு இறங்கும்படி பிளாஸ்டர் போட்டோம். தூக்கியும் அசைவு வராமலிருந்தால் உள்ளே ரத்தக்கட்டி அடைத்திருக்கலாம். அப்போது டாக்டரைக் கூப்பிட வேண்டும். டியூபைப் பிழிந்து உருவாதே. உள்ளே இழுவிசை அளவுக்கு மீறிப்போய் நுரையீரலைக் காயப்படுத்தும்.

குமிழிக்கு வருவோம். இருமும்போதோ மூச்சு விடும்போதோ வருவது, காற்று இன்னும் வெளியேறுகிறது என்பதைக் காட்டும். இடைவிடாமல் கொப்பளித்தால் நுரையீரலில் பெரிய ஓட்டை இருக்கலாம், டியூப் இணைப்பு தளர்ந்தும் இருக்கலாம். முதலில் இணைப்புகளை இறுக்கிப் பார், காயத்தருகே டியூப் சற்று வெளியே வந்திருக்கிறதா என்று பார். நெஞ்சுக்குப் பக்கத்தில் சில விநாடி கிளாம்ப் போட்டுப் பார்க்கும் சோதனை ஒன்று உண்டு: குமிழி நின்றால் கசிவு நோயாளியின் பக்கம், நிற்காவிட்டால் கிளாம்புக்குக் கீழே உள்ள டியூபில். அதை டாக்டரோ சீனியர் சிஸ்டரோ செய்யட்டும். நீ பக்கத்தில் நின்று பார்.

கிளாம்ப் விஷயத்தில் நான் கண்டிப்பானவள். குமிழி வரும் டியூபைக் கிளாம்ப் போட்டு எக்ஸ்ரேக்கு அனுப்பும் பழக்கம் சில இடங்களில் உண்டு. அது கூடவே கூடாது. வெளியேற வழியில்லாத காற்று உள்ளே அழுத்தி, இதயத்தையே ஒரு பக்கம் தள்ளிவிடும். வழியிலேயே ரத்த அழுத்தம் விழுந்துவிடும். பாட்டிலை ஸ்டிரெச்சருக்குக் கீழே தாழப் பிடித்துக்கொண்டு கூடவே நட. பாட்டில் மாற்றும் அந்தச் சில நொடிகளுக்கு மட்டும் கிளாம்ப். மாற்றியவுடன் எடுத்துவிட்டாயா என்று இன்னொரு முறை பார்.

இணைப்பு கழன்றாலோ பாட்டில் உடைந்தாலோ, டியூப் முனையை ஸ்டெரைல் தண்ணீர் பாட்டிலில் 2 செ.மீ. முக்கு, நோயாளியை இருமச் சொல், பிறகு புதிய பாட்டில் மாட்டலாம். அதற்காகவே கட்டில் பக்கத்தில் ஒரு ஸ்டெரைல் தண்ணீர் பாட்டில் இருக்கட்டும். டியூபே வெளியே வந்துவிட்டால் உடனே துளையைக் காஸால் மூடி, மூன்று பக்கம் மட்டும் பிளாஸ்டர் ஒட்டி, டாக்டரைக் கூப்பிடு.

அளவு எழுதுவதில் மாணவிகள் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். பாட்டிலில் முதலில் 500 மி.லி. தண்ணீர் ஊற்றியிருந்து, காலை 6 மணிக்கு 900-ல் நின்றால் வெளியேறியது 400 மட்டுமே. பாட்டிலில் ஒட்டிய பிளாஸ்டரில் தேதி, நேரத்தோடு கோடு போட்டு, குனிந்து கண் மட்டத்தில் படி. அடிபட்டவருக்கு டியூப் போட்டதும் 1500 மி.லி. ரத்தம் வந்தாலோ, பிறகு மணிக்கு 200 வீதம் தொடர்ந்து வந்தாலோ ஆபரேஷன் தேவைப்படலாம். அதனால் அளவு கூடுகிறது என்று தோன்றும்போதே சொல்லிவிடு. ஓடிக்கொண்டிருந்தது திடீரென்று நின்றாலும் சொல். நாள்பட்ட நீர்க்கோர்வை உள்ளவருக்கோ, ஒரே மூச்சில் ஒன்றரை லிட்டருக்கு மேல் வடியவிடாமல் நிறுத்தி வைப்பார்கள். சுருங்கிக் கிடந்த நுரையீரல் சட்டென்று விரிந்தால் அதிலேயே நீர் கோத்துவிடும். அவர் விடாமல் இருமினால், நெஞ்சு இறுக்கிப் பிடிக்கிறது என்றால் டாக்டரிடம் சொல்.

டிரெஸ்ஸிங்கைச் சுற்றி விரலால் அழுத்திப் பார். தோலுக்கடியில் நறநறவென்று இருந்தால் காற்று அங்கே பரவுகிறது. எதுவரை பரவியிருக்கிறது என்று பேனாவால் கோடு போட்டு வை, அடுத்த டியூட்டிக்கு வருபவளுக்குக் கூடியதா குறைந்ததா என்று தெரியும். கழுத்து, முகம்வரை வீங்கினால் உடனே சொல்ல வேண்டும். டியூப் வலியால் இவர்கள் மூச்சைப் பாதியிலேயே நிறுத்துவார்கள், இருமவும் பயப்படுவார்கள். வலி மருந்து கொடுத்து அரை மணி கழித்து உட்கார வைத்து, தலையணையைப் பக்கவாட்டில் அணைத்துப் பிடிக்கச் சொல்லி இருமவை. அப்போது பாட்டிலைப் பார்த்து, அசைவு, குமிழி, நிறம், அளவு நான்கையும் மூச்சு எண்ணிக்கையோடு கேஸ் ஷீட்டில் எழுது.

முதல் வாரம் முடிந்ததும் போன் செய்.

அன்புடன்,
அத்தை