மீதிக் கதை எங்கே?

உடற்பயிற்சிக்குப் போகச் சோம்பல் யாருக்குத்தான் இல்லை? அமெரிக்காவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் கேத்தி மில்க்மன் குழுவினர் இதற்கு ஒரு வழியைச் சோதித்து, 2014-ல் முடிவை வெளியிட்டார்கள். விறுவிறுப்பான நாவல்களின் ஒலிப்பதிவைக் கருவியில் ஏற்றி, அதை உடற்பயிற்சிக் கூடத்திலேயே பூட்டி வைத்தார்கள். மீதிக் கதை வேண்டுமானால் அங்கேதான் வரவேண்டும். இப்படி எதுவும் செய்யப்படாதவர்களைவிட இவர்கள் தொடக்கத்தில் 51 சதவீதம் அதிகமாக வந்தார்கள். கதையைக் கையில் கொடுத்து, 'பயிற்சியின்போது மட்டும் கேளுங்கள்' என்று சொல்லி அனுப்பியவர்களோ 29 சதவீதம்தான் அதிகம் வந்தார்கள்.

ஆக, பூட்டுதான் முக்கியம். நம் வீட்டில் துணி மடிக்கும் நேரத்துக்கென்று ஒரு தொடர்கதையை ஒதுக்கினால், அது படுக்கையில் ஓடக்கூடாது. ஓடினால் மறுநாள் துணி அப்படியே கிடக்கும், அதுவே அடையாளம்.

கைவேலைக்குத்தான் கதை பொருந்தும். பிள்ளைகள் கணக்குப் போடும்போது கதை ஓடினால் இரண்டும் கெடும். அவர்களுக்கு நோட்டைத் திறந்த பிறகே சுண்டல் கிண்ணம் வரட்டும்.

அந்தச் சோதனையிலும் பலன் வாரந்தோறும் தேய்ந்தது. நவம்பர் விடுமுறைக்குப் பின் காணாமலே போனது. நமக்கும் பெருநாள் விடுமுறையில் இந்தப் பழக்கம் அறுந்துபோகும். பள்ளி திறக்கும் அன்றே வேறொரு புதுக் கதையைத் தொடங்கி வைப்போம்.