பில் தொகை உயர்ந்தது, இலாபம் உயர்ந்ததா?

திருப்பதியிலிருந்து காளஹஸ்தி செல்லும் சாலையில் அமைந்துள்ள ஏர்பேடு, அண்மைக் காலம் வரை சுற்றுப்புறச் சிற்றூர்களுக்குரிய சந்தை ஊராகவே இருந்தது. இன்று இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் திருப்பதி வளாகம் இங்கே உள்ளது. இதே மண்டலத்தைச் சேர்ந்த விக்ருதமாலாவில் மின்னணுப் பொருள் உற்பத்தித் தொகுப்பு அமைந்துள்ளது. மாணவரும் தொழிலாளரும் வந்து சேரும் இத்தகைய ஊர்களில் கைப்பேசிக் கடைகள் பெருகுவது இயல்பு. அக்கடைகளின் முகப்பில் தவறாமல் காணப்படும் அறிவிப்பு ஒன்று உண்டு: கைப்பேசி, உறை, சார்ஜர் மூன்றும் சேர்த்து ஒரே விலை. வணிகர்கள் இதனைக் 'காம்போ' என்பர்.

ஒன்றோடொன்று பயன்படும் பொருள்களைச் சேர்த்து விற்பதன் நோக்கம், ஒரு வாடிக்கையாளர் ஒருமுறை வாங்கும்போது செலுத்தும் சராசரித் தொகையை உயர்த்துவதாகும். மாத விற்பனையைப் பில்களின் எண்ணிக்கையால் வகுத்தால் இந்தச் சராசரி கிடைக்கும். ஆயினும் அது உயர்ந்த கடைகளிலும் இலாபம் குறைவது உண்டு. அவ்வாறு நேர்வது ஏன் என்பதை ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கின் வழியே காண்போம்.

சேர்த்து விற்பதற்கு முன்

ஏர்பேட்டில் மாதம் 100 கைப்பேசிகள் விற்கும் கடை ஒன்றைக் கருதிக்கொள்வோம். கணக்கின் எளிமைக்காக எல்லாத் தொகைகளும் வரி நீக்கியவை. கைப்பேசியின் விற்பனை விலை ரூ.12,000, அதில் கடைக்காரருக்கு நிற்பது ரூ.480. உறையின் விலை ரூ.200, அடக்கம் ரூ.60. கடைகளில் டெம்பர்டு கிளாஸ் எனப்படும் திரைக்காப்புக் கண்ணாடியின் விலை ரூ.150; அடக்கம் ரூ.30. சார்ஜரின் விலை ரூ.600, அடக்கம் ரூ.350.

விலை உயர்ந்த கைப்பேசியில் இலாப விகிதம் மிகக் குறைவு. விலை குறைந்த உறையிலும் கண்ணாடியிலும் அது மிக அதிகம். சார்ஜர் இவற்றுக்கு இடைப்பட்டது. இந்த வேறுபாட்டை நினைவில் கொள்க.

கைப்பேசி வாங்கும் நூறு பேரில் 40 பேர் உறை வாங்குகின்றனர். அந்நாற்பதின்மருள் 30 பேர் கண்ணாடியும் வாங்குகின்றனர். நூற்றில் 15 பேர் சார்ஜர் வாங்குகின்றனர். மாத விற்பனை ரூ.12,21,500, ஒரு பில்லின் சராசரி ரூ.12,215, மாத மொத்த இலாபம் ரூ.60,950.

முதல் தொகுப்பு

கடைக்காரர் நான்கு பொருள்களையும் சேர்க்கிறார். தனித்தனியே வாங்கினால் ரூ.12,950 ஆகும் தொகுப்பை ரூ.500 தள்ளுபடியுடன் ரூ.12,450க்கு அறிவிக்கிறார். அறுபது பேர் தொகுப்பை வாங்குகின்றனர். எஞ்சிய நாற்பது பேர் கைப்பேசியை மட்டும் வாங்குகின்றனர். விற்பனை ரூ.12,27,000 ஆகிறது. சராசரி பில் தொகை ரூ.12,270. முன்னைவிட ரூ.55 அதிகம்.

இனி இலாபத்தைப் பார்ப்போம். தொகுப்பின் மொத்த அடக்கம் ரூ.11,960. ஆகவே ஒரு தொகுப்பில் கிடைப்பது ரூ.490. கைப்பேசியை மட்டும் விற்றாலே ரூ.480 கிடைத்திருக்கும். மூன்று துணைப்பொருள்களை எடுத்துக் கொடுத்ததற்குக் கடைக்காரர் பெற்ற ஊதியம் பத்து ரூபாய்தான். மாத இலாபம் ரூ.48,600 ஆகச் சரிகிறது. சராசரி உயர்ந்த அதே மாதத்தில் ரூ.12,350 இழப்பு.

பிழை சார்ஜரிலிருந்து தொடங்குகிறது. நாற்பது பேர் விரும்பிய உறையோடு, பதினைந்து பேர் மட்டுமே விரும்பிய பொருளை எல்லார்க்கும் சேர்த்துக் கொடுத்ததால், அதனை ஏற்கச் செய்யப் பெரிய தள்ளுபடி தேவைப்பட்டது. வீட்டில் பழைய சார்ஜர் உள்ளவருக்கு இன்னொன்று தேவையில்லை. பல கைப்பேசிகளின் பெட்டிக்குள்ளேயே சார்ஜர் வருகிறது. 2020 அக்டோபரில் ஆப்பிள் நிறுவனம் ஐபோன் 12 வரிசையை அறிமுகம் செய்தபோது பெட்டியிலிருந்து சார்ஜரை நீக்கியது. அத்தகைய கைப்பேசிக்குச் சார்ஜர் உண்மையான துணைப்பொருள். பெட்டியிலேயே சார்ஜர் உள்ள கைப்பேசிக்கு அது மிகைப்பொருள். ஆகவே தொகுப்பை முடிவு செய்யுமுன் ஒவ்வொரு மாடலின் பெட்டியிலும் என்ன இருக்கிறது என்று பார்ப்பது முதற்படி.

இரண்டாவது தொகுப்பு

சார்ஜரை விலக்கிவிட்டு, கைப்பேசியோடு உறையையும் கண்ணாடியையும் மட்டும் சேர்ப்போம். துணைப்பொருள்கள் இரண்டும் ரூ.350க்குப் பதில் ரூ.300, தொகுப்பின் விலை ரூ.12,300. சார்ஜர் வேண்டுவோர் முன்போலவே தனியே ரூ.600க்கு வாங்கலாம். இப்போதும் அறுபது பேர் தொகுப்பையும் பதினைந்து பேர் சார்ஜரையும் வாங்குவதாகக் கொள்வோம். விற்பனை ரூ.12,27,000, சராசரி ரூ.12,270. முதல் தொகுப்பில் கிடைத்த அதே எண்கள். ஆனால் இலாபம் ரூ.64,350. தொடக்க நிலையைவிட ரூ.3,400 அதிகம், முதல் தொகுப்பைவிட ரூ.15,750 அதிகம். சராசரி பில் தொகையை மட்டும் பார்ப்பவருக்கு இவ்விரண்டு மாதங்களுக்கும் வேறுபாடே தெரியாது.

அந்த ரூ.3,400 எங்கிருந்து வந்தது? தொகுப்பை வாங்கிய அறுபது பேரை மூன்றாகப் பிரித்தால் விளங்கும். முப்பது பேர் எப்படியும் இரண்டையும் வாங்கியிருப்பர். அவர்களுக்குத் தலா ரூ.50 வீணே தள்ளுபடி ஆயிற்று; இழப்பு ரூ.1,500. பத்துப் பேர் முன்பு உறை மட்டும் வாங்கியவர்கள். அவர்களிடம் தலா ரூ.70 கூடுதலாகக் கிடைத்தது, வரவு ரூ.700. இருபது பேர் முன்பு எதையும் வாங்காதவர்கள், தலா ரூ.210 வீதம் ரூ.4,200. இழப்பைக் கழித்தால் நிகரம் ரூ.3,400.

எந்தத் தொகுப்பையும் இந்த மூவகையினரைக் கொண்டே எடைபோட வேண்டும். முதல் வகையினர் மிகுந்தால் தொகுப்பு வெறும் தள்ளுபடி ஆகிவிடும். மேற்கண்ட கணக்கில், பழைய இலாபத்தை எட்டுவதற்கே நூற்றில் 44 பேர் தொகுப்பை வாங்க வேண்டும்.

இடைப்பட்ட அந்தப் பத்துப் பேர் ஏன் இசைந்தனர் என்பதைப் பொருளியலறிஞர் ஜார்ஜ் ஸ்டிக்லர் 1963இல் திரைப்படங்களைத் தொகுப்பாக விற்ற வழக்கத்தை ஆராய்ந்து விளக்கினார். அதனை நம் கடைக்குப் பொருத்திப் பார்க்கலாம். ஒருவர் உறைக்கு ரூ.220 வரையும் கண்ணாடிக்கு ரூ.100 வரையும் தர ஆயத்தமாக உள்ளார். தனி விலையில் அவர் உறையை மட்டுமே வாங்குவார். இரண்டும் சேர்ந்து ரூ.300 எனில், அவர் மதிப்பில் அது ரூ.320 பெறும், ஆகவே வாங்குவார். ஒரு பொருளில் மிஞ்சும் விருப்பம் மற்றொரு பொருளின் குறையை ஈடு செய்கிறது. சார்ஜருக்கு மதிப்பே தராதவரிடம் இந்த ஈடு நிகழாது.

பில்லில் எழுதும் முறை

கைப்பேசியும் சார்ஜரும் ஒரே பெட்டியில் வந்தால் அவை ஒரே பொருளா? பஞ்சாப் மாநில அரசுக்கும் நோக்கியா இந்தியா நிறுவனத்துக்கும் இடையே எழுந்த வழக்கில் இவ்வினாவே அடிப்படை. கைப்பேசிக்கு 4 விழுக்காடும் சார்ஜருக்கு 12.5 விழுக்காடும் வரி இருந்த காலம் அது. சார்ஜர் கைப்பேசியின் உறுப்பன்று, தனியே விற்கத்தக்க துணைப்பொருளே. ஒரே பெட்டியில் வைத்ததால் மட்டும் அது கைப்பேசியின் வரி வீதத்தைப் பெறாது என 2014 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இன்றைய சரக்கு மற்றும் சேவை வரியில் கைப்பேசி, சார்ஜர், உறை ஆகியவை 18 விழுக்காட்டிலேயே உள்ளமையால் இவற்றைச் சேர்ப்பதில் சிக்கல் இல்லை. வேறு வீதத்திலுள்ள பொருள் சேரும்போது கவனம் தேவை. இயல்பாக இணைந்து வராத பொருள்களை ஒரே விலையில் விற்றால், அது கலப்பு வழங்கலாகக் கருதப்பட்டு, அவற்றுள் மிக உயர்ந்த வீதமே முழுத்தொகைக்கும் பொருந்தும். தீபாவளிக்குக் கைப்பேசியையும் 5 விழுக்காட்டு வரிக்குரிய இனிப்புப் பெட்டியையும் ஒரே விலையில் தந்தால், இனிப்பும் 18 விழுக்காட்டுக்கு உள்ளாகும்.

ஆகவே பில்லில் ஒவ்வொரு பொருளையும் தனி வரியில், தனி விலையுடன் எழுதித் தள்ளுபடியையும் காட்டுவது நலம். வாடிக்கையாளர் உறையை மட்டும் திருப்பிக் கொடுக்க வந்தால் எவ்வளவு தருவது என்ற பூசலும் இதனால் எழாது. உறை வாங்கினால்தான் கைப்பேசி என நிபந்தனை விதிப்பதோ, 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் குறிப்பிடும் கட்டுப்படுத்தும் வணிக நடைமுறையாகும். தொகுப்பின் அருகே தனி விலையும் என்றும் இருக்க வேண்டும்.

இருப்பும் கடனும்

உறை ஒரே ஒரு மாடலுக்கே பொருந்தும். அந்த மாடலின் விற்பனை நின்ற அன்றே எஞ்சிய உறைகளும் நின்றுவிடும். அறுபது தொகுப்புகள் விற்கும் என எண்ணி ஒரே முறையில் நூறு உறைகள் வாங்கினால், விற்காத நாற்பதின் அடக்கமான ரூ.2,400, அந்த மாதம் தொகுப்பு தந்த கூடுதல் இலாபத்தின் பெரும்பகுதியை விழுங்கிவிடும். மாடல் வாரியாகச் சிறு அளவில், வாரந்தோறும் வாங்குவதே தக்கது. தேங்கிய சரக்கைத் தொகுப்பில் தள்ளிவிடும் பழக்கமும் வேண்டா; பொருந்தாத உறையைப் பெற்றவர் அடுத்த கைப்பேசிக்கு வேறு கடையை நாடுவார்.

நடைமுறை மூலதனக் கடன் பெற்றுள்ளோர் இதில் மேலும் கருத்தாக இருக்க வேண்டும். மாத இருப்பு அறிக்கையை நாங்கள் பார்க்கும்போது, விலைபோகாத பழைய சரக்கைப் பணம் எடுக்கும் தகுதிக்குப் பொதுவாகக் கணக்கில் கொள்வதில்லை. அலமாரியில் தூங்கும் உறைகளுக்கு வட்டி ஓடிக்கொண்டே இருக்கும்.

தொகுப்பைத் தொடங்க விரும்புவோர் முதலில் ஒரு மாதத்துப் பில்களை எடுத்து, கைப்பேசியோடு எத்தனை பேர் எந்தத் துணைப்பொருளை வாங்கினர் என எண்ணிக்கொள்க. பின்னர் இரண்டு வாரம் தொகுப்பை வைத்துப் பார்த்து, மீண்டும் எண்ணுக. துணைப்பொருள் வாங்கியோர் தொகை கூடாமல் தள்ளுபடித் தொகை மட்டும் கூடியிருந்தால், முன்பே வாங்கியவர்களுக்கே விலையைக் குறைத்துள்ளீர்கள் என்பது பொருள். அப்போது தொகுப்பை மாற்றுக. குறிப்பேட்டில் சராசரி பில் தொகைக்கு அருகே, ஒரு பில்லுக்கு நின்ற இலாபத்தையும் எழுதி வருக. மேற்கண்ட கடையில் அது முதலில் ரூ.609.50, முதல் தொகுப்பில் ரூ.486, இரண்டாவதில் ரூ.643.50.