நம்பிக்கைகளும் உண்மைகளும்: வீட்டுக்கடனை அடைப்பதா, உபரியை முதலீடு செய்வதா?

கீழ்பென்னாத்தூரிலிருந்து ஒரு தம்பதி எழுதியிருக்கிறார்கள். கணவருக்கு வயது 38. திருவண்ணாமலையில் ஒரு தனியார் நிறுவனத்தில் வேலை பார்க்கிறார். மனைவி வீட்டிலேயே தையல் தொழில் செய்கிறார். இருவர் வருமானமும் சேர்ந்து மாதம் சுமார் 70,000 ரூபாய். 2022 ஜனவரியில் வீடு கட்ட 22 லட்சம் கடன் வாங்கினார்கள். அன்றைய வட்டி 7 சதவீதம், காலம் 20 ஆண்டு, மாதத் தவணை 17,057 ரூபாய். எல்லாச் செலவும் தவணையும் போக இப்போது மாதம் 10,000 ரூபாய் மிஞ்சுகிறது. நிலக்கடலை விற்ற பணம் 2 லட்சமும் கையில் இருக்கிறது. "கடனை அடைத்து முடி என்கிறார் அப்பா. மியூச்சுவல் ஃபண்டில் போடு என்கிறார் நண்பர். நாங்கள் யார் பேச்சைக் கேட்பது?" என்பது அவர்கள் கேள்வி.

கடிதத்தோடு கடன் கணக்கு அறிக்கையையும் அனுப்பியிருந்தார்கள். தவணை ஒரு மாதம்கூடத் தவறவில்லை. நான்கு ஆண்டில் எட்டு லட்சத்துக்கும் மேல் கட்டியிருக்கிறார்கள். ஆனாலும் அசல் பாக்கி 21.5 லட்சம்! இவர்கள் நம்பிக்கொண்டிருக்கும் சில விஷயங்களைச் சரிசெய்துகொண்டால்தான் பதில் தெளிவாகும்.

நம்பிக்கை: வட்டி முழுவதையும் முதல் சில ஆண்டுகளிலேயே வங்கி எடுத்துவிட்டது. இனி முன்கூட்டிக் கட்டிப் பயனில்லை.

உண்மை: வங்கி முன்கூட்டியே எந்த வட்டியையும் எடுப்பதில்லை. அந்தந்த மாதம் பாக்கி நிற்கும் அசலுக்குத்தான் வட்டி போடுகிறது. தொடக்கத்தில் அசல் அதிகம், அதனால் வட்டியும் அதிகம். அவ்வளவுதான்.

உங்கள் அசல் குறையாததற்குக் காரணம் வேறு. உங்கள் கடன் ரிசர்வ் வங்கியின் ரெப்போ விகிதத்தோடு இணைக்கப்பட்டது. நீங்கள் கடன் வாங்கியபோது ரெப்போ 4 சதவீதம். 2022 மே மாதம் ஏறத் தொடங்கி, 2023 பிப்ரவரியில் 6.5 சதவீதமாகி, இரண்டு ஆண்டுகள் அங்கேயே நின்றது. உங்கள் வட்டியும் 9.5 சதவீதத்துக்குப் போனது. வங்கி தவணையை ஏற்றாமல் காலத்தை நீட்டிவிட்டது. அந்த நாட்களில் உங்கள் அசலுக்கு ஒரு மாத வட்டி மட்டுமே ஏறத்தாழ 17,100 ரூபாய். நீங்கள் கட்டியதோ 17,057. தவணை மொத்தமும் வட்டிக்கே போனது.

2025 பிப்ரவரியிலிருந்து ரெப்போ இறங்கி, டிசம்பரில் 5.25 சதவீதத்துக்கு வந்தது. உங்கள் வட்டி இப்போது 8.25. இதே வட்டியில் இதே தவணையைக் கட்டிக்கொண்டே போனால் கடன் முடிய இன்னும் 24 ஆண்டு 6 மாதம் ஆகும். அப்போது கணவருக்கு வயது 62 தாண்டியிருக்கும். பணி ஓய்வு 58-இல்.

ஆகவே இப்போது கட்டும் கூடுதல் பணத்துக்குப் பயன் நிச்சயம் உண்டு. மாதம் 1,300 ரூபாய் சேர்த்துக் கட்டினாலே கடன் 20 ஆண்டுக்குள், அதாவது ஓய்வுக்கு முன் முடிந்துவிடும். 10,000 ரூபாயையும் சேர்த்துக் கட்டினால் 9 ஆண்டு 7 மாதத்தில் முடியும். மாறும் வட்டியில் தனிநபர் வாங்கிய வீட்டுக்கடனை முன்கூட்டி அடைத்தால் வங்கிகள் அபராதம் வாங்கக் கூடாது என்பது 2012 முதல் ரிசர்வ் வங்கியின் உத்தரவு.

நம்பிக்கை: வரிச்சலுகை கிடைப்பதால் வீட்டுக்கடனை மெதுவாகத்தான் அடைக்க வேண்டும்.

உண்மை: நீங்கள் குடியிருக்கும் வீட்டின் கடன் வட்டிக்கு ஆண்டுக்கு 2 லட்சம் வரை கழிவு தருவது பழைய வரிமுறை. 2023-24 நிதியாண்டிலிருந்து புதிய முறைதான் இயல்பானது. அதில் இந்தக் கழிவு இல்லை. 2025-26 முதல் புதிய முறையில் ஆண்டு வருமானம் 12 லட்சம் வரை வருமான வரியே கட்ட வேண்டியதில்லை. உங்கள் இருவர் வருமானத்தையும் கூட்டினாலும் 8.4 லட்சம்தான். இல்லாத வரிக்குச் சலுகை எதற்கு? உங்களைப் பொறுத்தவரை 8.25 சதவீதம் என்பது முழு 8.25 சதவீதம்தான்.

நம்பிக்கை: முன்கூட்டி அடைத்தால் மிச்சமாகும் வட்டி அத்தனையும் லாபம்.

உண்மை: உங்கள் அப்பா சொல்லும் கணக்கு தவறில்லை. மாதம் 10,000 கூடுதலாகக் கட்டினால், பழையபடி 24 ஆண்டுகள் கட்டுவதைவிட 19 லட்சம் அளவுக்கு வட்டி குறையும். ஆனால் அதே 10,000 ரூபாயை வேறிடத்தில் போட்டிருந்தால் அதுவும் வளர்ந்திருக்கும். எனவே இரண்டையும் ஒரே நாளில் நிறுத்திப் பார்க்க வேண்டும்.

அந்த நாள், கடன் அடைபடும் 9 ஆண்டு 7-ஆம் மாதம். முதல் வழியில் போனால் அன்று கடன் இல்லை, கையிலும் ஒன்றும் இல்லை. இரண்டாவது வழியில், அதாவது தவணையை மட்டும் கட்டிவிட்டு 10,000 ரூபாயை முதலீடு செய்து வந்தால், அன்று கடன் பாக்கி சுமார் 17.5 லட்சம் இருக்கும். உங்கள் முதலீடு அன்று 17.5 லட்சத்தைத் தாண்டியிருந்தால் நண்பர் சொன்னது சரி. தாண்டவில்லை என்றால் அப்பா சொன்னது சரி.

பணத்தை 6.5 சதவீத வங்கி டெபாசிட்டில் போட்டு வந்தால் அன்று கிடைப்பது சுமார் 16 லட்சம். ஒன்றரை லட்சம் குறைகிறது. 8.25-க்குக் கடன் வைத்துக்கொண்டு 6.5-க்கு டெபாசிட் சேர்ப்பது தெரிந்தே படும் நட்டம்.

பங்குச் சந்தை சார்ந்த ஃபண்டில் ஆண்டுக்கு 11 சதவீதம் கிடைத்தால் சுமார் 20.3 லட்சம் சேரும். ஒரே ஆண்டில் எல்லாவற்றையும் விற்றால், 1.25 லட்சத்துக்கு மேற்பட்ட லாபத்துக்கு 12.5 சதவீத வரி போக, 19.3 லட்சம் நிற்கும். கடனை அடைத்த பிறகு 1.8 லட்சம் மிச்சம். ஆனால் அதே ஃபண்ட் 6 சதவீதம்தான் தந்தது என்றால் சேர்வது 15.5 லட்சம். இரண்டு லட்சம் கையைக் கடிக்கும்.

நண்பர் சொல்லும் 11, 12 சதவீதம் நீண்ட காலச் சராசரியில் கிடைக்கக்கூடியது; யாரும் உத்தரவாதம் தருவதில்லை. 2020 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் நிஃப்டி மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் சரிந்தது. பொறுத்திருந்தவர்களுக்குப் பணம் திரும்பியது. அந்த நேரத்தில் பணம் தேவைப்பட்டவர்களுக்குத் திரும்பவில்லை. கடனை அடைப்பது உங்களுக்குத் தரும் 8.25 சதவீதமோ சந்தையோடு ஏறி இறங்காது. அதனால் ஃபண்டின் 11-ஐ நேராக 8.25-க்கு எதிரே வைக்காதீர்கள். இடையில் இருக்கும் இரண்டே முக்கால் சதவீதம், பத்து ஆண்டு ஏற்ற இறக்கத்தைத் தாங்கிக்கொள்வதற்கு உங்களுக்குக் கிடைக்கக்கூடிய கூலி. அந்தக் கூலி போதுமா என்பதே உங்கள் உண்மையான கேள்வி.

நம்பிக்கை: வங்கிக் கடனைவிட அதிக வட்டி நிச்சயமாகத் தரும் திட்டங்கள் வெளியே இருக்கின்றன.

உண்மை: மாதம் இரண்டு வட்டி தருவதாக ஒருவர் அணுகியதாக எழுதியிருக்கிறீர்கள். ஆண்டுக்கு 24 சதவீதம் நிச்சயமாகச் சம்பாதிக்கத் தெரிந்தவர், வங்கியில் குறைந்த வட்டிக்குக் கடன் வாங்கித் தொழில் செய்வார். உங்கள் வாசலில் வந்து நிற்க மாட்டார். ஆரணி, செய்யாறு பகுதிக்காரர்களும் பணம் போட்ட ஆருத்ரா கோல்டு நிறுவனத்தின் மீது பொருளாதாரக் குற்றப்பிரிவு 2022-இல் வழக்குத் தொடுத்தது. சுமார் ஒரு லட்சம் பேரிடம் 2,400 கோடி ரூபாய்க்கு மேல் வாங்கியதாக வழக்கு. அந்த நபரிடம் இல்லை என்று சொல்லிவிடுங்கள். இதில் யோசிக்க ஒன்றுமில்லை.

நம்பிக்கை: மொத்தமாகக் கைக்கு வந்த பணத்தை உடனே கடனில் கட்டுவதே நல்லது.

உண்மை: சாதாரண வீட்டுக்கடனில் கட்டிய பணத்தைத் திரும்ப எடுக்க முடியாது. இன்று 2 லட்சத்தைக் கட்டிவிட்டு, ஆறாம் மாதம் மருத்துவமனைச் செலவு வந்தால் நகைக்கடனுக்கோ கைமாற்றுக்கோ போக வேண்டியிருக்கும். மனைவியின் தையல் வருமானம் மாதத்துக்கு மாதம் மாறுவது. கணவரின் வேலை தனியார் வேலை. தவணையோடு சேர்த்து உங்கள் குடும்பத்துக்கு மாதம் 60,000 வேண்டும். ஆறு மாதத்துக்கு 3.6 லட்சம். சேமிப்புக் கணக்கில் ஏற்கனவே 1.5 லட்சம் இருக்கிறது. நிலக்கடலைப் பணத்தைச் சேர்த்தால் 3.5 லட்சம். அது எப்போது வேண்டுமானாலும் முறிக்கக்கூடிய டெபாசிட்டில் இருக்கட்டும். இதற்கு வட்டி குறைவாக இருந்தாலும் பரவாயில்லை.

இனி நீங்கள் செய்ய வேண்டியது

மாத உபரி 10,000-இல் 7,000 கடனுக்குப் போகட்டும். மொத்தம் 24,057 ரூபாய் கட்டினால் கடன் 11 ஆண்டு 7 மாதத்தில், கணவரின் ஐம்பதாவது வயதை ஒட்டி முடியும். மீதி 3,000 ரூபாயைக் குறைந்த செலவுள்ள நிஃப்டி இண்டெக்ஸ் ஃபண்டில் மாதாமாதம் போடுங்கள். இந்தத் தொகை சரிந்தாலும் வீட்டுக்கு ஆபத்தில்லை. வளர்ந்தால் உங்கள் ஓய்வுக்காலத்துக்கு ஆகும். கடன் முடிந்த மறுமாதத்திலிருந்து அந்த 24,057 ரூபாயும் சேமிப்புக்குப் போக வேண்டும். இதைத் தவறவிட்டால் முன்கூட்டி அடைத்ததன் பலன் செலவில் கரைந்துவிடும்.

வங்கிக்கு நேரில் போய், தவணையை உயர்த்தும்படி எழுத்து மூலம் கேளுங்கள். வட்டி மாறும்போது தவணையை உயர்த்துவதா, காலத்தை நீட்டுவதா என்று தேர்ந்தெடுக்கும் வாய்ப்பைக் கடனாளிக்குத் தர வேண்டும் என்று 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி உத்தரவிட்டிருக்கிறது. புதிதாகக் கடன் வாங்குபவர்களுக்கு உங்கள் வங்கி இன்று என்ன வட்டி சொல்கிறது என்பதையும் கேளுங்கள். உங்களுடையதைவிடக் குறைவாக இருந்தால், குறைத்துத் தரச் சொல்லுங்கள். எப்போதாவது மொத்தமாகக் கட்டினால் "அசலில் கழித்து, தவணையை மாற்றாமல் காலத்தைக் குறைக்கவும்" என்று தெளிவாக எழுதிக் கொடுங்கள். இல்லாவிட்டால் சில இடங்களில் அதை வரும் மாதங்களின் தவணையாக வரவு வைத்துவிடுவார்கள், வட்டி குறையாது. அடுத்த மாத அறிக்கையில் அசல் அந்த அளவுக்கு இறங்கியிருக்கிறதா, மீதி மாதங்கள் குறைந்திருக்கின்றனவா என்று பாருங்கள்.

கடன் முழுதாக முடிந்த 30 நாளுக்குள் வீட்டுப் பத்திரங்களை வங்கி திருப்பித் தர வேண்டும். வங்கியின் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு உண்டு. பத்திரம் கைக்கு வந்ததும், அடமானம் தீர்ந்ததற்கான ரசீதைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்து, வில்லங்கச் சான்று எடுத்துப் பாருங்கள். அதில் கடன் தீர்ந்த பதிவைக் கண்ணால் பார்த்த பிறகே வீட்டுக்கடன் முடிந்தது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.