ஆய்வக நாட்குறிப்பிலிருந்து ஆய்வு முறைக்கு

மாணவர்களின் ஆய்வக நாட்குறிப்பு நடந்ததை நடந்த வரிசையில் சொல்லும். திங்கள் நடந்தது முதலில், புதன் நடந்தது கடைசியில். அறிவியல் மாநாட்டுக்கோ கண்காட்சிக்கோ அறிக்கை எழுதும்போது அதே நாட்குறிப்பிலிருந்து ‘ஆய்வு முறை’ என்ற பகுதியை உருவாக்க வேண்டியிருக்கிறது. ‘எடுத்தோம்’ என்பதை ‘எடுக்கப்பட்டது’ என்று மாற்றிவிட்டால் வேலை முடிந்தது என்று பல மாணவர்கள் நினைக்கிறார்கள். அப்படி மாற்றிய அறிக்கையில் தேதிகள் போய்விடும், ஆனால் தேதி வரிசை அப்படியே இருக்கும். வாசிப்பவர் அதை வைத்து ஆய்வைத் திரும்பச் செய்ய முடியாது.

இந்த இரண்டு எழுத்துகளுக்கும் உள்ள இடைவெளியைக் காட்ட நம் பக்கத்திலேயே ஒரு சான்று உண்டு. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அருகிலுள்ள வத்திராயிருப்பில் 1898-இல் பிறந்த கே.எஸ். கிருஷ்ணன், கல்கத்தாவில் சி.வி. ராமனுடன் ஆய்வு செய்தபோது, 1928 பிப்ரவரி 5 முதல் 28 வரை நாட்குறிப்பு எழுதினார். திரவங்களில் சிதறும் ஒளியைப் பற்றி அவர் சொன்னதைப் பேராசிரியர் முதலில் நம்பவில்லை என்பதும், 7-ஆம் தேதி இரவு சாப்பாட்டுக்குப் பிறகு பேராசிரியர் திடீரென்று வீட்டுக்கே வந்து பேசினார் என்பதும் அதில் இருக்கின்றன. இருவரும் எழுதி 1928 மார்ச் 31 ‘நேச்சர்’ இதழில் வெளிவந்த கடிதத்தில் இவை எதுவும் இல்லை. சூரிய ஒளிக்கற்றை குவிக்கப்பட்ட தொலைநோக்கி வில்லையின் விட்டம் 18 செ.மீ., குவியத் தொலைவு 230 செ.மீ. என்று இருக்கிறது. திரவங்கள் வெற்றிடத்தில் திரும்பத் திரும்ப வடித்துத் தூய்மையாக்கப்பட்டதும், இரண்டு நிற வடிகட்டிகள் பயன்படுத்தப்பட்ட விதமும், சுமார் 60 திரவங்கள் சோதிக்கப்பட்டதும் சொல்லப்பட்டிருக்கின்றன. எந்தத் திரவம் எந்த நாளில் பார்க்கப்பட்டது என்பதற்கு அங்கே இடமில்லை. திரவம் எவ்வாறு தூய்மையாக்கப்பட்டது என்பதற்கு இடமுண்டு. காரணம் எளிது: தூசியோ மாசோ இருந்தால் அதுவும் ஒளியைச் சிதறடிக்கும், முடிவு மாறிவிடும்.

மாணவர்களிடம் நான் கேட்கச் சொல்லும் ஒரே கேள்வி இதிலிருந்து வருவதுதான். நாட்குறிப்பின் ஒவ்வொரு வரியையும் எடுத்து, ‘இது வேறு மாதிரி இருந்திருந்தால் அளவீடு மாறியிருக்குமா?’ என்று கேட்க வேண்டும். மாறியிருக்கும் என்றால் அந்த வரி ஆய்வு முறையில் ஏதோ ஓர் இடத்தில் இருக்க வேண்டும். மாறாது என்றால் நாட்குறிப்பிலேயே இருந்துவிட்டுப் போகட்டும்.

சங்கரன்கோவில் பகுதியில் மாணவர்கள் பெரும்பாலும் விரும்பி எடுக்கும் தலைப்பு நீரின் கடினத்தன்மை. சோப்பு நுரைக்காத கிணற்று நீரை எல்லோரும் வீட்டில் பார்த்திருக்கிறார்கள். பிளஸ் 1 மாணவிகள் மூவர் அப்படி எழுதிய நாட்குறிப்பைச் சற்றுச் சுருக்கித் தருகிறேன்.

“திங்கள்: காலை 7 மணிக்கு மூன்று பேரும் கிணற்றுக்குப் போனோம். வாளி போட்டு இறைத்தோம். பாட்டிலை அதே தண்ணீரில் இரண்டு தடவை அலசிவிட்டு விளிம்பு வரை நிரப்பி மூடினோம். தெருக்குழாயில் இன்று தண்ணீர் வரவில்லை.

செவ்வாய்: குழாயை 5 நிமிடம் திறந்துவிட்டு, பாட்டிலை அலசிப் பிடித்தோம். ஆய்வகத்தில் கிணற்று நீர் 20 மி.லி. பிப்பெட்டில் எடுத்தோம். டீச்சர் சொன்னபடி தாங்கல் கரைசல் 2 மி.லி. ஊற்றினோம். நிறங்காட்டி போட்டதும் ஒயின் சிவப்பு. பியூரெட்டிலிருந்து இ.டி.டி.ஏ. விட்டோம். நீலம் வரவே இல்லை, ஊதாவாகவே நின்றது. 14.0, 15.2, 13.1.

புதன்: தாங்கல் பாட்டில் சரியாக மூடாமல் இருந்திருக்கிறது, அம்மோனியா வாசனையே இல்லை. டீச்சர் புதிதாகத் தயாரித்துக் கொடுத்தார். திங்கள் எடுத்த கிணற்று நீரிலேயே மறுபடி செய்தோம். நல்ல நீலம்! 12.6, 12.4, 12.4. குழாய் நீர் 4.3, 4.2, 4.2.”

நல்ல நாட்குறிப்பு இது. ‘நீலம் வரவே இல்லை’ என்பதை மறைக்காமல் எழுதியிருக்கிறார்கள். மாற்றி எழுதும்போதும் இந்த நாட்குறிப்பைத் திருத்தவோ அழகாகப் படியெடுக்கவோ விடக்கூடாது. அது மூல ஆவணம்.

இப்போது கேள்வியைக் கேட்போம். ‘மூன்று பேரும் போனோம்’, மாறாது. ‘டீச்சர் சொன்னபடி’, மாறாது. ‘இரண்டு தடவை அலசினோம்’, மாறும், பாட்டிலில் முன்பிருந்த நீர் கலந்திருக்கலாம். ‘குழாயை 5 நிமிடம் திறந்துவிட்டோம்’, மாறும், குழாயில் இரவெல்லாம் தேங்கிய நீர் வேறு. காலை 7 மணி என்பதில் மாணவிகளுக்குள்ளேயே வாதம் வந்தது. ஒரே கிணற்றில் இறைப்புக்கு முன்னும் பின்னும் நீர் மாறலாம் என்றாள் ஒருத்தி. நியாயமான வாதம், எனவே ‘காலையில்’ என்று வைத்துக்கொண்டோம்.

எந்த வரியிலும் நேரடியாக எழுதப்படாத ஒரு செய்தியும் இதற்குள் இருக்கிறது. கிணற்று நீர் திங்களன்று எடுக்கப்பட்டது, புதனன்று சோதிக்கப்பட்டது. அதாவது இரண்டு நாள் பாட்டிலில் இருந்தது. குழாய் நீர் ஒரு நாள் இருந்தது. கடின நீரைச் சேமித்து வைத்தால் கால்சியம் கார்பனேட் சிறிது படிந்து அளவு குறையலாம். நாட்குறிப்பில் கிழமைகள் இருந்ததால் இதைக் கணக்கிட முடிந்தது. கிழமைகளை அடித்துவிட்டு வினைச்சொல்லை மட்டும் மாற்றும் மாணவர் இந்தச் செய்தியையும் சேர்த்து அடித்துவிடுகிறார். தேதி போகலாம், ஆனால் இரண்டு தேதிகளுக்கு இடைப்பட்ட காலம் போகக்கூடாது.

அடுத்து அந்தச் செவ்வாய்க்கிழமை. அதை அப்படியே விட்டுவிடலாம் என்று மாணவிகள் நினைத்தார்கள். வேறு சில குழுக்கள் இதற்கு நேர்மாறாக, நடந்ததை ஒரு பத்தி முழுக்க விவரித்து எழுதுவதையும் பார்த்திருக்கிறேன். இரண்டும் சரியில்லை. தாங்கல் கரைசல் கலவையின் பி.எச். மதிப்பை 10-ஐ ஒட்டி நிறுத்துகிறது. அம்மோனியா ஆவியாகிப் போனால் பி.எச். குறையும், நிறமாற்றம் தெளிவாக இராது. அளவீடுகள் 13.1-க்கும் 15.2-க்கும் இடையே சிதறியதே இதற்கு அடையாளம். சரியான தரம்பார்த்தலில் அடுத்தடுத்த இரு அளவீடுகள் 0.1 மி.லி.க்குள் ஒத்துவர வேண்டும். ஆகவே ஆய்வு முறையில் இரண்டே செய்திகள் போதும்: தாங்கல் கரைசல் புதிதாகத் தயாரிக்கப்பட்டது, முடிவுநிலை தெளிவாக அமையாத தொடக்க அளவீடுகள் மூன்றும் கணக்கில் சேர்க்கப்படவில்லை. எதை, ஏன் நீக்கினோம் என்பது இதில் இருக்கிறது. யார் மூடியைத் திறந்து வைத்தார் என்பது வேண்டாம்.

12.4, 4.2 ஆகிய எண்களும் இங்கே வரக்கூடாது. அவை ‘முடிவுகள்’ பகுதிக்குரியவை. கணக்கிட்ட வழி மட்டும் இங்கே வரும். 0.01 மோலார் இ.டி.டி.ஏ. 1 மி.லி., 1 மி.கி. கால்சியம் கார்பனேட்டுக்குச் சமம். மாதிரி 20 மி.லி. என்பதால், செலவான மி.லி.யை 50-ஆல் பெருக்கினால் லிட்டருக்கு எத்தனை மி.கி. என்று கிடைக்கும்.

இனி வரிசை. நாட்குறிப்பில் குழாய் நீர் சேகரித்தது கிணற்று நீர்ச் சோதனையை ஒட்டி, செவ்வாயன்று வருகிறது. அறிக்கையில் சேகரித்தவை எல்லாம் ஓரிடத்தில், கரைசல்கள் ஓரிடத்தில், அளந்த விதம் ஓரிடத்தில், கணக்கிட்ட விதம் கடைசியில் வர வேண்டும். நாட்குறிப்பின் படியெடுப்பில் நான்கு நிறப் பென்சிலால் அடிக்கோடு இடச் சொன்னால் இது பத்து நிமிட வேலை.

இதற்குப் பிறகுதான் இலக்கணம். செயப்பாட்டு வினையைத் தமிழ் வகுப்பில் படித்த மாணவர்களே அறிவியல் அறிக்கையில் ‘நீரை எடுக்கப்பட்டது’ என்று எழுதுகிறார்கள். ‘நீரை எடுத்தோம்’ என்பதில் இருந்த ‘ஐ’ உருபு செயப்பாட்டில் நிற்காது. ‘நீர் எடுக்கப்பட்டது’ என்றுதான் வரும். பன்மையும் தவறிப்போகும்: ‘மாதிரிகள் சேகரிக்கப்பட்டன’ என்பதற்குப் பதில் ‘சேகரிக்கப்பட்டது’. இவை இரண்டையும் தமிழாசிரியர் ஒருவர் ஒரு பாடவேளையில் சரிசெய்துவிடுவார்.

இதைவிட நுட்பமான தவறு ஒன்று உண்டு. எல்லா வினையையும் ‘பட்டது’ ஆக்கும் ஆர்வத்தில் ‘கரைசல் நீலமாக மாறப்பட்டது’ என்று எழுதிவிடுகிறார்கள். மாறுதல் கரைசல் தானே செய்தது. நாம் அதற்குச் செய்ததல்ல. செயப்படுபொருள் குன்றிய வினைக்குச் செயப்பாட்டு வடிவம் இல்லை. ‘நீலமாக மாறியது’ என்றே விட வேண்டும். ஆய்வாளர் செய்தவை ‘படு’ ஏற்கும், பொருளுக்குத் தானே நிகழ்ந்தவை ஏற்காது. இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்ட மாணவருக்கு எது செயல், எது உற்றுநோக்கல் என்ற தெளிவும் வந்துவிடுகிறது.

செய்முறைக் கையேட்டிலிருந்து படியெடுப்பதால் ‘எடுக்கவும்’, ‘சேர்க்க வேண்டும்’ என்ற ஏவல் வடிவங்களும் ஊடே நுழையும். கையேடு செய்ய வேண்டியதைச் சொல்கிறது. அறிக்கை செய்ததைச் சொல்கிறது. கையேட்டில் 5 மி.லி. என்று இருந்து மாணவர் 2 மி.லி. ஊற்றியிருந்தால், இறந்தகாலத்தில் 2 மி.லி. என்று எழுதுவதே உண்மை.

மாணவிகள் கடைசியில் எழுதிய பகுதி இது:

“திறந்தவெளிக் கிணறு ஒன்றிலிருந்தும் தெருக்குழாய் ஒன்றிலிருந்தும் நீர் மாதிரிகள் காலையில் சேகரிக்கப்பட்டன. குழாய் நீர், குழாய் 5 நிமிடம் திறந்துவிடப்பட்ட பின் எடுக்கப்பட்டது. பாட்டில்கள் அந்தந்த நீரால் இருமுறை அலசப்பட்டு, விளிம்பு வரை நிரப்பி மூடப்பட்டன. கிணற்று நீர் இரண்டு நாள்களும் குழாய் நீர் ஒரு நாளும் அறை வெப்பநிலையில் வைக்கப்பட்ட பின் சோதிக்கப்பட்டன. அம்மோனியா – அம்மோனியம் குளோரைடு தாங்கல் கரைசல் புதிதாகத் தயாரிக்கப்பட்டது. 20 மி.லி. மாதிரியுடன் 2 மி.லி. தாங்கல் கரைசலும் எரியோகுரோம் பிளாக் டி நிறங்காட்டியும் சேர்க்கப்பட்டு, 0.01 மோலார் இ.டி.டி.ஏ. கரைசலால் தரம்பார்க்கப்பட்டது. கரைசல் ஒயின் சிவப்பிலிருந்து நீலமாக மாறியது முடிவுநிலையாகக் கொள்ளப்பட்டது. ஒத்த அளவீடுகள் கிடைக்கும் வரை தரம்பார்த்தல் திரும்பச் செய்யப்பட்டது. முடிவுநிலை தெளிவாக அமையாத தொடக்க அளவீடுகள் மூன்று கணக்கில் சேர்க்கப்படவில்லை. செலவான கரைசலின் பருமன் 50-ஆல் பெருக்கப்பட்டு, கடினத்தன்மை லிட்டருக்கு மி.கி. கால்சியம் கார்பனேட்டாகக் கணக்கிடப்பட்டது.”

‘அறை வெப்பநிலையில்’ என்பது நாட்குறிப்பில் இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். எழுதும்போது கேட்டபோதுதான் பாட்டில்கள் ஆய்வக அலமாரியில் இருந்தன என்று சொன்னார்கள். அதை நாட்குறிப்பிலும் அன்றைய தேதியிட்டுப் பிற்சேர்க்கையாக எழுதிக் கையெழுத்திடச் சொன்னேன்.

எல்லா வாக்கியமும் ‘பட்டது’ என்று முடிவது காதுக்குச் சலிப்பாகத்தான் இருக்கிறது. இன்று ‘நேச்சர்’ உள்ளிட்ட இதழ்கள் ‘நாங்கள் அளந்தோம்’ என்று எழுதுவதையே விரும்புகின்றன. நம் பள்ளி அறிக்கைகளில் செயப்பாட்டு வழக்கம் தொடர்கிறது; மதிப்பீட்டாளர்களும் அதையே எதிர்பார்க்கிறார்கள். சலிப்பைக் குறைக்க, மேலே ‘அலசப்பட்டு, நிரப்பி மூடப்பட்டன’ என்று வந்ததுபோல் வினையெச்சங்களால் இரண்டு மூன்று செயல்களை ஒரே வாக்கியத்தில் கோக்கலாம். மூன்றுக்கு மேல் கோத்தால் எது முதலில் நடந்தது என்பது மங்கிவிடும். தாங்கல் கரைசலுக்குப் பின் நிறங்காட்டி என்பது போன்ற வரிசை முக்கியமான இடங்களில் வாக்கியத்தை முறித்துவிடுவதே நல்லது.